விலை ஏறினாலும் ஏறாத தேய்மானம்

ஒரு நிறுவனம் இயந்திரம் வாங்கும்போது கொடுக்கும் பணத்தை, வருமான வரிச் சட்டம் அந்த ஆண்டின் செலவாக ஏற்பதில்லை. இயந்திரம் பல ஆண்டுகள் உழைக்கும் என்பதால் அதன் அடக்கவிலை சிறிது சிறிதாக, ஆண்டுதோறும் தேய்மானம் என்ற பெயரில் லாபத்திலிருந்து கழிக்கப்படுகிறது. தேய்மானமாகக் கழிக்கப்படும் ஒவ்வொரு நூறு ரூபாயும், 25 சதவீத வரி கட்டும் நிறுவனத்துக்கு 25 ரூபாய் வரியை மிச்சப்படுத்தும். நிதித்துறையில் இதற்கு வரிக்கவசம் என்று பெயர்.

இந்தக் கவசத்தின் மொத்த அளவு இயந்திரம் வாங்கிய நாளிலேயே ரூபாயில் முடிவாகிவிடுகிறது. ஒரு கோடி ரூபாய்க்கு வாங்கிய இயந்திரத்துக்கு, எத்தனை ஆண்டுகள் ஆனாலும் மொத்தத்தில் ஒரு கோடிக்கு மேல் தேய்மானம் கழிக்க முடியாது. அந்த ஒரு கோடி, வாங்கிய நாளின் ஒரு கோடி. கழிப்போ ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் அந்தந்த ஆண்டின் ரூபாயில் கிடைக்கிறது. இடைப்பட்ட காலத்தில் விலைவாசி ஏறியிருந்தால், கிடைக்கும் ரூபாய் கொடுத்த ரூபாயைவிட மெலிந்தது. விற்பனை வருமானமும் கூலியும் மின்கட்டணமும் விலைவாசியோடு சேர்ந்து ஏறுகின்றன. தேய்மானமோ லாபக் கணக்கில் பழைய விலையிலேயே உறைந்து நிற்கிறது.

இந்தியாவில் இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் பார்க்கலாம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம் ஒரு கோடி ரூபாய்க்கு, அதாவது 100 லட்சத்துக்கு, ஒரு பின்னல் இயந்திரம் வாங்குகிறது. பொதுவான இயந்திரங்களுக்கு வருமான வரி விதிகள் தரும் தேய்மான விகிதம் 15 சதவீதம். கணக்கிடும் முறை குறைந்து செல் மதிப்பு முறை: ஒவ்வோர் ஆண்டும், முந்தைய கழிப்புகள் போக எஞ்சிய மதிப்பில் 15 சதவீதம். முதல் ஆண்டு 15 லட்சம், இரண்டாம் ஆண்டு எஞ்சிய 85 லட்சத்தில் 15 சதவீதமான 12.75 லட்சம், பிறகு இப்படியே இறங்கிக்கொண்டு போகும். ஐந்தாம் ஆண்டில் அது 7.83 லட்சம், பத்தாம் ஆண்டில் 3.47 லட்சம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுவதாகவும் வரி விகிதம் 25 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். உண்மையான விகிதத்தில் கூடுதல் வரியும் தீர்வையும் சேர்ந்து பின்னங்கள் வரும். அவற்றை விட்டுவிடுவதால் கணக்கின் போக்கு மாறாது.

ஐந்தாம் ஆண்டு முடிவில், வாங்கிய நாளில் ஒரு ரூபாய்க்குக் கிடைத்த பொருள் 1.34 ரூபாய் ஆகியிருக்கும். அந்த ஆண்டின் தேய்மானமான 7.83 லட்சத்தை வாங்கிய நாளின் ரூபாய்க்கு மாற்றினால் 5.85 லட்சம்தான். பத்தாம் ஆண்டின் 3.47 லட்சத்துக்கு அன்றைய மதிப்பு 1.94 லட்சம். முதல் ஆண்டில் இழப்பு 85 ஆயிரத்துக்குள் அடங்கியிருந்தது. ஐந்தாம் ஆண்டில் அது ஏறத்தாழ இரண்டு லட்சம். அதன் பின் இழப்பு குறைவதற்குக் காரணம் பணவீக்கம் தணிந்தது அன்று. கழிப்பதற்கே அதிகம் மிச்சமில்லை, அவ்வளவுதான்.

எல்லா ஆண்டுகளையும் கூட்டுவதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு. தேய்மான விகிதமான 15-ஐ, 15-உம் பணவீக்கமான 6-உம் சேர்ந்த 21-ஆல் வகுத்தால் 0.714 வரும். அதாவது கொடுத்த 100 லட்சத்தில், வாங்கும் சக்தியின்படி 71.4 லட்சம்தான் கழிப்பாகத் திரும்பி வருகிறது. மீதி 28.6 லட்சம் முதலீடு. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது லாபம், ஆகவே அதற்கும் வரி உண்டு. 25 சதவீதத்தில் அந்த வரி 7 லட்சத்துக்குச் சற்று மேல். பணவீக்கம் 10 சதவீதமானால் 15-ஐ 25-ஆல் வகுக்க வேண்டும், திரும்புவது 60 லட்சம் மட்டும். இந்த வரியை எந்த நாடாளுமன்றமும் வாக்கெடுத்து விதிக்கவில்லை.

நிறுவனத்தின் பக்கம் நின்று பார்த்தால் சுமை இன்னும் தெளிவாகத் தெரியும். ஐந்தாம் ஆண்டில் அந்த இயந்திரம், தேய்மானம் கழிப்பதற்கு முன், அன்றைய ரூபாயில் 16 லட்சம் ஈட்டித் தருகிறது என்போம். சட்டப்படி 7.83 லட்சம் கழிந்து, வரிக்குரிய லாபம் 8.17 லட்சம், வரி 2.04 லட்சம். விலைவாசிக்கு ஏற்பத் தேய்மானத்தை உயர்த்தியிருந்தால் கழிப்பு 10.48 லட்சமாக இருந்திருக்கும், மெய்யான லாபம் 5.52 லட்சம். அந்த லாபத்தோடு ஒப்பிட்டால் கட்டிய வரி 37 சதவீதம். சட்டப் புத்தகத்தில் 25 என்று அச்சாகியிருக்கும் விகிதம், இயந்திரத்தை நம்பித் தொழில் செய்பவருக்கு அந்த ஆண்டில் 37 ஆகிவிட்டது. இயந்திரமே இல்லாத ஒரு ஆலோசனை நிறுவனத்துக்கு அது 25 ஆகவே இருக்கிறது. ஒரே விகிதம் என்று சொல்லிக்கொண்டு இருவரிடமும் இரு விகிதங்களில் வாங்கும் ஏற்பாடு இது.

இந்த இழப்பைப் பேசும்போது பலர் வேறொரு கணக்கைப் போட்டுக் காட்டுவது வழக்கம். பத்து ஆண்டுகளில் கழித்த தேய்மானம் 80 லட்சம், புது இயந்திரத்தின் விலையோ 179 லட்சம், ஆகவே 99 லட்சம் இழப்பு என்பார்கள். இது மிகைக் கணக்கு. ஆண்டுதோறும் கழித்த பணம் பத்து ஆண்டுகள் பெட்டியில் தூங்குவதில்லை. அது தொழிலிலேயே புரண்டு வருமானம் ஈட்டுகிறது. புது இயந்திரத்தை வாங்கப் போதுமான நிதி சேர்ந்ததா என்பது நிறுவனத்தின் நிதித் திட்டத்தைச் சேர்ந்த கேள்வி. வரிச் சட்டத்தின் முன் வைக்கத் தக்க கேள்வி வேறு: போட்ட முதலை அதே வாங்கும் சக்தியில் திரும்ப எடுத்த பிறகுதான் லாபம் கணக்கிடப்பட்டதா? அந்தக் கேள்விக்கு விடை 28.6 லட்சமே.

இந்தியச் சட்டத்துக்குப் பணவீக்கம் தெரியாது என்று சொல்ல முடியாது. 1992-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், நீண்ட கால மூலதன ஆதாயத்தைக் கணக்கிட, வாங்கிய விலையைச் செலவுப் பணவீக்கக் குறியீட்டால் உயர்த்திக்கொள்ள அனுமதித்தது. முதலில் 1981 அதன் அடிப்படை ஆண்டாக இருந்தது. 2017-இல் அது 2001-க்கு மாற்றப்பட்டது. ஆனால் இந்தக் குறியீடு தேய்மானத்தின் பக்கம் ஒருபோதும் வந்ததில்லை. ஒரே வளாகத்தில் இருக்கும் நிலத்தையும் தொழிற்கூடத்தையும் சட்டம் நடத்தும் விதம் இதைக் காட்டும்.

ஒரு நிறுவனம் 2012-13 நிதியாண்டில் நிலத்துக்கு ஒரு கோடியும் அதன் மேல் நிற்கும் தொழிற்கூடத்துக்கு ஒரு கோடியும் கொடுத்து, இரண்டையும் 2022-23-இல் விற்றது என்று வைத்துக்கொள்வோம். குறியீடு 2012-13-இல் 200, 2022-23-இல் 331. நிலத்துக்குத் தேய்மானம் இல்லை என்பதால் அதன் அடக்கவிலை 165.5 லட்சமாக உயர்த்தப்படும். அதே தொகைக்கு விற்றால் ஆதாயம் சுழியம், வரியும் இல்லை. கட்டடத்துக்குத் தேய்மான விகிதம் 10 சதவீதம். பத்து ஆண்டுக் கழிப்புக்குப் பின் எஞ்சிய மதிப்பு 34.87 லட்சம். அதுவும் 165.5 லட்சத்துக்கு விலைபோய், அந்தச் சொத்துத் தொகுதியில் வேறு கட்டடம் இல்லை என்றால், 130.63 லட்சம் ஆதாயமாகிவிடும். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு, எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் அதைக் குறுகிய கால ஆதாயமாகவே கருதியது. ஆகவே குறியீட்டுக்கு அங்கே இடமே இல்லை. இதில் 65.13 லட்சம் முன்பு தேய்மானமாகக் கழித்த தொகை. அதை அரசு திரும்பக் கேட்பதில் நியாயம் உண்டு. மீதி 65.5 லட்சம் வெறும் விலையேற்றம். நிலத்தில் லாபமாகத் தோன்றாத ஒன்று, அதன் மேலேயே நிற்கும் கட்டடத்தில் லாபமாகிவிட்டது.

2024 ஜூலையில் இந்த முரண் வேறு வழியில் தேய்ந்தது. நீண்ட கால ஆதாயத்துக்கான வரி 12.5 சதவீதமாக்கப்பட்டு, குறியீட்டுச் சலுகை பொதுவாக நீக்கப்பட்டது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலமும் கட்டடமும் வைத்திருக்கும் இந்தியவாசிகளான தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டும் பழைய கணக்கின்படியும் பார்த்துக்கொள்ளும் வாய்ப்பு விடப்பட்டது. தேய்மானத்துக்குக் குறியீடு தர வேண்டும் என்று கேட்பவர்கள் சுட்டிக்காட்டி வந்த உள்நாட்டு முன்னுதாரணமும் இப்படிப் பெரும்பாலும் கைவிட்டுப் போயிற்று.

எல்லாச் சொத்தும் ஒரே அளவில் அடிபடுவதில்லை. அதை அளக்க, காத்திருப்பின் விலையையும் சேர்க்க வேண்டும். பணவீக்கம் போக ஆண்டுக்கு 4 சதவீத மெய் வருவாயை நிறுவனம் எதிர்பார்க்கிறது என்றால், விலைவாசி அசையாத உலகில் நம் இயந்திரத்தின் எல்லாக் கழிப்புகளுக்குமான இன்றைய மதிப்பு 79 லட்சம். 6 சதவீதப் பணவீக்கம் புகுந்தால் அது 59.4 லட்சம். வரிச் சேமிப்பாகச் சொன்னால், 19.7 லட்சம் 14.9 லட்சமாக இறங்குகிறது. இயந்திர விலையில் ஏறத்தாழ 5 சதவீதம் மறைந்துவிட்டது. 40 சதவீத விகிதத்தில் விரைவாகக் கழியும் கணினிக்கு இதே இழப்பு 3 சதவீதத்துக்கும் குறைவு. 10 சதவீதத்தில் ஊர்ந்து கழியும் கட்டடத்துக்கு 5.5 சதவீதம். பணவீக்கம் வேலை செய்யக் காலம் வேண்டும். மெதுவாகக் கழியும் சொத்து அந்தக் காலத்தை அதற்குத் தருகிறது.

இதனால்தான் அரசுகள் பெரும்பாலும் குறியீட்டைத் தராமல் வேகத்தைத் தருகின்றன. இந்தியாவில் உற்பத்தித் தொழிலில் இறங்கும் புது இயந்திரத்துக்கு முதல் ஆண்டில் 20 சதவீதக் கூடுதல் தேய்மானம் உண்டு. நம் கணக்கில் முதல் ஆண்டுக் கழிப்பு 35 லட்சமாகி, இன்றைய மதிப்பு 59.4-இலிருந்து 66.8 லட்சத்துக்கு ஏறும். பணவீக்கம் தின்ற ஏறத்தாழ 19.5 லட்சத்தில் இதனால் மீள்வது 7.4 லட்சம், ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. 22 சதவீதக் குறைந்த வரி விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனங்களுக்கு இந்தக் கூடுதல் தேய்மானமும் கிடையாது.

வேகம் தருவதில் ஒரு குறை உண்டு: பணவீக்கம் எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே ஊகித்துச் செய்யும் ஈடு அது. ஊகம் தவறினால் ஈடும் தவறும். அமெரிக்காவில் 1970-களின் விலையேற்றம் தேய்மானத்தை அரித்ததைப் பொருளியலாளர்களான மார்ட்டின் ஃபெல்ட்ஸ்டைனும் லாரன்ஸ் சம்மர்ஸும் 1979-இல் அளந்து காட்டினார்கள். 1977-ஆம் ஆண்டில் மட்டும் நிறுவனத்துறை மூலதன வருமானத்தின் மீது பணவீக்கம் ஏற்றிய கூடுதல் வரி 3,200 கோடி டாலருக்கு மேல் என்பது அவர்கள் மதிப்பீடு. 1981-இல் வந்த சட்டம் விடையாகக் கழிப்புக் காலங்களை வெகுவாகச் சுருக்கியது. அதற்குப் பின் பணவீக்கம் வேகமாக இறங்கிவிட்டது. நோய்க்கு அளந்த மருந்து நோய் தணிந்த பிறகும் தொடர்ந்ததால், சில சொத்துகளுக்கு வரி என்பது போய் மானியம் என்ற நிலை வந்தது. 1982-இலும் 1986-இலும் அந்தச் சலுகைகள் வெட்டப்பட்டன. 1984 நவம்பரில் அமெரிக்கக் கருவூலத்துறை தேய்மானத்தை நேரடியாக விலைக் குறியீட்டோடு இணைக்கப் பரிந்துரைத்தது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை.

இன்னொரு யோசனை 1980-இலேயே முன்வைக்கப்பட்டது. பொருளியலாளர்களான ஆலன் ஆவர்பாக்கும் டேல் ஜோர்கென்சனும், மெய்யான தேய்மானம் முழுவதற்குமான இன்றைய மதிப்பை இயந்திரம் வாங்கிய ஆண்டிலேயே ஒரே தொகையாகக் கழிக்கவிடலாம் என்றார்கள். நம் இயந்திரத்தின் மெய்யான தேய்மானமும் 15 சதவீதமே என்று கொண்டால் அது 79 லட்சம். கழிப்பு அந்த ஆண்டோடு முடிந்துவிடுவதால், அதற்குப் பின் விலைவாசி 3 சதவீதம் ஏறினாலும் 13 சதவீதம் ஏறினாலும் அரிப்பதற்கு எதுவும் இல்லை. குறியீட்டெண்ணை ஆண்டுதோறும் தேடும் வேலையும் இல்லை. இத்தனை எளிய யோசனை எந்த நாட்டின் பொது விதியாகவும் நிலைக்காதது வியப்புதான். முழு விலையையும் முதல் ஆண்டிலேயே கழிக்கவிடும் முறை அதன் தாராளமான உறவு. பிரிட்டன் 1972 முதல் 1984 வரை இயந்திரங்களுக்கு அப்படிச் செய்தது, 2023 ஏப்ரல் முதல் நிறுவனங்களின் புது இயந்திரங்களுக்கு மீண்டும் செய்கிறது.

குறியீட்டை நேரடியாகப் பயன்படுத்தும் நாடுகளும் உண்டு, பெரும்பாலும் கடும் விலையேற்றத்தைக் கண்ட இலத்தீன் அமெரிக்காவில். மெக்சிகோவில் அடக்கவிலைப்படி தேய்மானத்தைக் கணக்கிட்டு, வாங்கிய மாதத்திலிருந்து அந்த ஆண்டின் பயன்பாட்டுக் காலத்தின் நடுப்பகுதி வரை விலைக் குறியீடு எத்தனை மடங்கானதோ அத்தனையால் பெருக்கிக் கழிக்கிறார்கள். நம் குறைந்து செல் மதிப்பு முறையில் இதைச் செய்ய, ஆண்டு தொடக்கத்தில் எஞ்சிய மதிப்பை முதலில் அந்த ஆண்டின் பணவீக்க அளவுக்கு உயர்த்தி, பிறகு 15 சதவீதம் எடுத்தால் போதும். முதல் ஆண்டுக் கழிப்பு 15.9 லட்சம், இரண்டாம் ஆண்டு 14.33 லட்சம். அவற்றை வாங்கிய நாளின் ரூபாயில் சொன்னால் மறுபடியும் 15-உம் 12.75-உம் கிடைக்கும். பிரேசில் நெடுங்காலம் சொத்துகளை மறுமதிப்பிட்டு வந்தது. 1994-இல் புது நாணயத்தால் பணவீக்கத்தை அடக்கியபின் 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதைக் கைவிட்டது. பணவீக்கம் அடங்கியதே தவிர நிற்கவில்லை. அதனால் அங்கேயும் தேய்மானம் மீண்டும் பழைய விலையில் உறைந்துவிட்டது.

குறியீட்டு இணைப்புக்கு எதிரான வாதங்களில் எடை மிகுந்தது கடனைப் பற்றியது. அந்தப் பின்னல் இயந்திரத்துக்கு 70 லட்சம் வங்கிக் கடன், வட்டி 10 சதவீதம் என்று கொள்வோம். முதல் ஆண்டு வட்டி 7 லட்சம். விலைவாசி 6 சதவீதம் ஏறியதால் கடன் முதலின் வாங்கும் சக்தியில் ஏறத்தாழ 4.2 லட்சம் கரைந்திருக்கிறது. வட்டியில் அந்த 4.2 லட்சம் வங்கிக்கு ஏற்பட்ட கரைசலை ஈடுகட்டுவது. கடன் வாங்கியவருக்கு அது அசலில் ஒரு பகுதியைத் திருப்பிச் செலுத்தியதற்குச் சமம். அசலைக் கட்டியதற்கு வரிவிலக்கு இல்லை. ஆனால் சட்டம் 7 லட்சத்தையும் செலவாக ஏற்கிறது. நிறுவனத்துக்கு இதனால் முதல் ஆண்டிலேயே 1.05 லட்சம் வரி மிச்சம். அதே ஆண்டில் தேய்மானப் பக்கத்தில் இழந்த வரிச் சேமிப்போ 21 ஆயிரம்தான். கடன் அடைய அடைய இந்த ஆதாயம் குறையும், தேய்மான இழப்பு வளரும். ஆனாலும் கடனால் ஓடும் நிறுவனத்துக்குப் பணவீக்கம் அவ்வளவு பகையாளி இல்லை. அடி முழுவதும் விழுவது சொந்த முதலில் இயந்திரம் வாங்கியவர் மேல்.

ஆகவே கடனை அப்படியே விட்டுவிட்டுத் தேய்மானத்தை மட்டும் உயர்த்தினால், கடன்காரருக்கு இரண்டு பக்கமும் லாபம். வட்டியில் பணவீக்கத்தைக் கழித்துக்கொள்வார், தேய்மானத்தில் இன்னொரு முறை கழித்துக்கொள்வார். சிலி நாட்டின் முறை இதை அடைக்கிறது. 1974-ஆம் ஆண்டு வரிச் சட்டத்திலிருந்தே அங்கே இயந்திரம் போன்ற சொத்துகளின் மதிப்பு ஆண்டுதோறும் நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி உயர்த்தப்படுகிறது. அந்த உயர்வு வரிக்குரிய வருமானம். தொழிலில் போட்ட சொந்த மூலதனமும் அதே அளவில் உயர்த்தப்படுகிறது. அந்த உயர்வு கழிக்கத் தக்க செலவு. முழுவதும் சொந்த முதலில் வாங்கிய இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து, உயர்ந்த தேய்மானம் தூய பயனாக நிற்கும். கடனில் வாங்கியிருந்தால் சொத்தின் உயர்வை ஈடுகட்டச் சொந்த மூலதனம் இருக்காது. வட்டியில் மிகையாகக் கழித்ததை அந்த உயர்வு வருமானமாகத் திரும்ப உள்ளே இழுத்துவிடும். கணக்கு எழுதுபவருக்கு வேலை கூடுகிறது என்பது உண்மை. 3 சதவீதப் பணவீக்கத்துக்கு இத்தனை பாடு தகாது என்று ஓர் அரசு முடிவு செய்தால் அதைக் குறைசொல்ல முடியாது. 8, 10 சதவீதம் ஆண்டுக்கணக்காக நீடிக்கும் இடத்தில் அந்த விடை எடுபடாது.

சட்டம் மாறும்வரை, இந்த அரிப்பைக் கணக்கில் எடுக்க வேண்டிய இடம் திட்ட மதிப்பீடு. புது ஆலைக்கான திட்ட அறிக்கை தயாரிப்பவர்கள் பலர், வேலையைச் சுருக்க, விற்பனையையும் செலவையும் இன்றைய விலையிலேயே பல ஆண்டுகளுக்கு எழுதி, பணவீக்கம் நீங்கிய மெய் வட்டி விகிதத்தால் தள்ளிக் கணக்கிடுகிறார்கள். விற்பனைக்கும் செலவுக்கும் அது பொருந்தும், ஏனென்றால் அவை விலைவாசியோடு நகர்பவை. அதே அட்டவணையில் தேய்மானத்தையும் 15, 12.75 என்று எழுதி 4 சதவீதத்தால் தள்ளினால் வரிச் சேமிப்பு 19.7 லட்சம் என்று வரும், உண்மையில் கிடைக்கப்போவதோ 14.9 லட்சம். ஓரத்தில் நிற்கும் திட்டம் ஒன்றை லாபகரமானதாகக் காட்ட இந்த ஏறத்தாழ 5 லட்சம் போதும். பிழையைக் கண்டுபிடிக்க அறிக்கையில் இரண்டு வரிகளைப் பார்த்தால் போதும். விற்பனை விலை ஆண்டுக்கு ஆண்டு மாறாமல் இருந்து, தேய்மானமும் வரி விதிகளின் அட்டவணைப்படியே இருந்தால், ஒன்றாகச் சேராத இருவகை ரூபாய் ஒரே பத்தியில் கலந்திருக்கின்றன. திருத்தம் எளிது: ஒவ்வோர் ஆண்டின் தேய்மானத்தையும் அந்த ஆண்டு வரையிலான எதிர்பார்க்கும் விலையேற்றத்தால் வகுத்து எழுத வேண்டும், அல்லது தேய்மானத்தால் வரும் வரிச் சேமிப்பை மட்டும் தனி வரியாகப் பிரித்து, பணவீக்கமும் சேர்ந்த 10.24 சதவீத விகிதத்தால் தள்ள வேண்டும். இரண்டு வழியும் ஒரே விடையைத் தரும்.